பகலில் வரைந்த மாசி வீதியை இரவாக்குவது

"பகல்ல வரைஞ்ச மாசி வீதி டீக்கடை படம் ஒண்ணு இருக்கு. அனிமேஷனுக்கு அதையே ராத்திரியா மாத்தணும். மேல நீல லேயர் போட்டு மங்கலாக்கினா ராத்திரி மாதிரியே இல்ல, நீலக் கண்ணாடி வழியா பகலைப் பார்க்கிற மாதிரி இருக்கு. விளக்கு வெளிச்சம் வரைஞ்சா அந்த இடம் புகை அடிச்ச மாதிரி ஆயிடுது. கிருட்டாவுல பண்றேன். எங்க தப்பு?"

உங்கள் படத்தில் சூரியன் இன்னும் போகவில்லை. அதுதான் முதல் சிக்கல். கடை முன்னால் நீட்டியிருக்கும் தகரக் கூரையின் நிழல் சுவரில் கத்தியால் வெட்டினதுபோல் விழுந்திருக்கும். பெஞ்சுக்குக் கீழே ஒரு நிழல், நிற்பவர் காலடியில் ஒரு நிழல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மேலே எத்தனை நீலம் ஊற்றினாலும் அந்த நிழல்கள் வெயிலைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஏமாறாது.

சினிமாவில் பகலிலேயே இரவுக் காட்சி எடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. சூரியனை நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு ஸ்டாப் அளவுக்கு ஒளியைக் குறைத்து, நீலம் ஏற்றி, வானம் ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்வார்கள். அங்கே சூரியனே நிலாவாக நடிக்கிறது. அதனால் நிழல் இருந்தால் அவர்களுக்கு நல்லது. யானைமலை அடிவாரத்து வயலில் பௌர்ணமி இரவு என்றால் நீங்களும் அப்படிச் செய்யலாம், நிழல்களை அப்படியே விட்டுவிடலாம். மாசி வீதி அப்படி இல்லை. தூங்கா நகரத்துத் தெருவில் நிலா வெளிச்சம் கணக்கிலேயே வராது. முழு நிலாவைவிடச் சூரியன் ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பிரகாசம். டீக்கடையின் ஒரு டியூப் லைட் போதும், நிலாவின் நிழலை அழித்துவிட. அங்கே நிழல் விளக்கிலிருந்துதான் விழ வேண்டும்.

ஆகவே முதல் வேலை இருட்டாக்குவது இல்லை, வெயிலைக் கழற்றுவது. கோடு, தட்டை நிறம், நிழல் மூன்றையும் தனித்தனி லேயரில் வைத்து வரைந்திருந்தால் நிழல் லேயரின் கண்ணை மூடினால் முடிந்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துபோன ஒரே படம்தான் கையில் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில் பிரஷ்ஷை எடுத்து நிழலின் மேல் சுவர் நிறத்தைப் பூசி, கதவுச் சட்டம், போஸ்டர், காரைப் பெயர்ப்பு எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

நான் தெற்கு மாசி வீதியை வைத்து வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டீக்கடை, பக்கத்தில் சுங்குடிச் சேலைக் கடை, மேலே ஒரு மாடி, தூரத்தில் கோபுரம். வெயில் பட்ட சுவரின் நிறம் (230, 190, 110). அதே சுவர் கூரை நிழலில் (150, 125, 100). நிழலில் நீலம் அதிகம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். வெயில் படாத இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் வருகிறது, அது நீலம். சரி, இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் நிழலைக் கணக்குப் போட்டே நீக்கிவிடலாம். நிழல் விழுந்த பகுதியை மட்டும் தேர்வு செய்யுங்கள். மேலே ஒரு லேயர் வைத்து அதன் கலப்பு முறையை `Color Dodge` என்று மாற்றுங்கள். நிரப்ப வேண்டிய நிறம் இது:

```
மேல் = 255 × (1 − நிழல் ÷ வெயில்)

சிவப்பு: 255 × (1 − 150/230) = 89
பச்சை:  255 × (1 − 125/190) = 87
நீலம்:   255 × (1 − 100/110) = 23
```

(89, 87, 23) நிறத்தை அந்தப் பகுதியில் நிரப்பினால் சுவர் மட்டும் வெளுக்காது. நிழலுக்குள் இருந்த கதவு, போஸ்டர், தண்ணீர்க் குடம் எல்லாமே ஒரே விகிதத்தில் வெயில் நிறத்துக்குத் திரும்பும். நிழல் என்பது எல்லாப் பொருளையும் ஒரே விகிதத்தில் குறைப்பது, `Color Dodge` அதே விகிதத்தால் திருப்பிப் பெருக்குகிறது. நிழலின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சும். அதைச் சின்ன பிரஷ்ஷால் சரிசெய்துகொள்ளலாம். நிழல் மிகவும் கறுப்பாக, எண்கள் 20, 30 என்று இருந்தால் இந்த முறை கைகொடுக்காது. அங்கே பெருக்குவதற்கு விவரமே இருக்காது, வெறும் கறை எழும்பும். அந்த இடத்தைப் புதிதாக வரைவதே நல்லது.

இப்போது கையில் இருப்பது வெயிலும் இல்லாத, இரவும் இல்லாத ஒரு தட்டையான படம். மேகமூட்டமான காலையில் எடுத்த போட்டோ மாதிரி சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். இதில் இருப்பது பொருள்களின் சொந்த நிறம் மட்டும்.

அடுத்தது இருட்டு. நீலக் கண்ணாடி போட்டதுபோல் வந்ததற்கு இரண்டாவது காரணம், நீல லேயர் `Normal` முறையில், ஒளிபுகும் அளவைக் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் நீலம் படத்தோடு கலக்கிறது. படத்தில் கறுப்பாக இருந்த கோடுகூட நீலமாக மேலே ஏறிவிடும். இரவில் வெளிச்சம் குறைகிறதே தவிர, கறுப்பின் மேல் எதுவும் வந்து படிவதில்லை. `Multiply` முறையில் இரண்டு எண்களும் பெருக்கப்பட்டு 255ஆல் வகுக்கப்படும். அதனால் எதுவும் முன்பைவிட வெளுப்பாக ஆகவே முடியாது, கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

நான் தெரு இருட்டுக்கு வழக்கமாக (70, 90, 140) நிறத்தில் தொடங்குவேன். என் படத்தில் இதை `Multiply`யில் வைத்ததும் மஞ்சள் சுவர் (63, 67, 60) ஆனது, அதாவது கிட்டத்தட்டச் சாம்பல். சேலைக் கடையில் தொங்கிய சிவப்புச் சுங்குடி (200, 40, 40) என்பதிலிருந்து (55, 14, 22) என்று கறுப்பை ஒட்டிய மெரூனுக்கு இறங்கியது. அதன் வெள்ளைப் புள்ளிகள் (67, 85, 124) என்று வெளிர் நீலமாக நின்றன.

இது உண்மையிலேயே நடப்பதுதான். ஒருநாள் சாயங்காலம் விளக்குப் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கடைக்கு எதிரே நின்று பாருங்கள். வாசலில் மடித்துத் தொங்கவிட்ட சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் பகலில் ஒரே அளவு பளிச்சென்று இருந்திருக்கும். வெளிச்சம் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் சாகும். பச்சை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கடைசியில் சிவப்புச் சேலை இருக்கும் இடத்தில் துணியே தெரியாது, வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் மட்டும் காற்றில் தொங்குவதுபோல் இருக்கும். கோயில் மதிலின் காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் அப்படித்தான் பிரியும். நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், அதிகக் கூர்மை. மங்கலான வெளிச்சத்தில் அந்த உச்சம் 507 பக்கம், நீலம் கலந்த பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. சிவப்பு அந்தக் கணக்கிலிருந்து வெளியே விழுகிறது. இதைக் கவனித்துச் சொன்ன புர்க்கின்யே என்ற அறிஞரின் பெயரால் இதைப் புர்க்கின்யே விளைவு என்பார்கள். நீலம் கலந்த நிறத்தால் பெருக்கும்போது சிவப்பு தானாகவே அதிகம் இறங்குவதால் இந்த வேலை பாதிக்கு மேல் தன்னால் நடந்துவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் இது எதிராகத் திரும்பும். படத்தில் ஏற்கனவே நீலமாக இருக்கும் பொருள். என் படத்தில் ஒரு நீல ஷட்டர் இருந்தது, (40, 90, 180). அது (11, 32, 99) ஆகி, தெரு முழுக்க மங்கியிருக்க, அது மட்டும் இங்க் கொட்டினதுபோல் கூவியது. உண்மையான இருட்டில் நீலம் வெளிறித் தெரியலாமே தவிர, இப்படிச் செறிவாக நிற்காது. அதற்கு வழி, இருட்டு லேயரைத் தொடாமல், கீழே அந்த ஷட்டரின் நிறச்செறிவை மட்டும் பாதியாகக் குறைப்பது. நீல பெயின்ட் அடித்த வீடு, நீலத் தார்ப்பாய், பள்ளிக்கூடச் சீருடை, இவற்றை இருட்டாக்கும் முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள்.

இனி விளக்கு. உங்கள் கேள்வியில் முக்கியமான இடம் இதுதான்.

புகை அடித்ததுபோல் ஆவதற்குக் காரணம், இருட்டாக்கிய படத்தின் மேல் மஞ்சளைப் பூசுவது. `Addition` ஆனாலும் `Screen` ஆனாலும் `Normal` ஆனாலும் விளைவு ஒன்றுதான். கறுத்துப்போன சேலை (55, 14, 22). அதன் மேல் (100, 70, 30) மஞ்சளைக் கூட்டினால் (155, 84, 52), மண் நிறம். பக்கத்துச் சுவர் (163, 137, 90), அதுவும் மண் நிறம். கறுப்பு அவுட்லைன்கூட (105, 77, 41) என்று பழுப்பாகிவிடும். ஆனால் விளக்குக்கு அடியில் சிவப்புச் சேலை நல்ல சிவப்பாக அல்லவா தெரியும்? விளக்கு செய்வது நிறத்தைச் சேர்ப்பது அல்ல, பொருளின் சொந்த நிறத்தை மறுபடி வெளியே கொண்டுவருவது.

அதனால் விளக்கை இருட்டின் மேல் வரையக் கூடாது. இருட்டு லேயருக்குள்ளேயே வரைய வேண்டும்.

அந்த (70, 90, 140) லேயரை இனி இருட்டு என்று நினைக்காதீர்கள், ஒளி லேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறத்தில் விழுகிறது என்பதன் வரைபடம் அது. முறை `Multiply`யிலேயே இருக்கட்டும். அதே லேயரில், டீக்கடை பல்பின் வெளிச்சம் விழும் இடத்தில் (255, 190, 110) நிறத்தில் மென்மையான பிரஷ்ஷால் வரையுங்கள். இப்போது அந்த இடத்துச் சுங்குடி (200, 30, 17), உயிருள்ள சிவப்பு. சுவர் (230, 142, 47), காவி கலந்த மஞ்சள். கறுப்புக் கோடு கறுப்பாகவே இருக்கிறது. நீலத்துக்குள்ளிருந்து சிவப்பு வெளியே வரும் அந்த நொடியை முதல் தடவை திரையில் பார்த்தபோது எனக்குச் சாயங்காலம் எதிர்க்கடையில் சுவிட்சைத் தட்டினதுபோலவே இருந்தது.

சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை போதும். விளக்கு வெளிச்சத்துக்குள் இருக்கும் மிகக் கறுப்பான இடத்தை, ஒரு அவுட்லைனையோ கதவு இடுக்கையோ, நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். எண்கள் பகல் படத்தில் இருந்ததைவிட ஏறியிருந்தால் எங்கோ மஞ்சளைப் பூசியிருக்கிறீர்கள்.

வெளிச்சத்தின் வடிவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தரையில் விழும் வெளிச்சத்தை வட்டமாக வரையாதீர்கள். நாம் தெருவைச் சாய்வாகப் பார்ப்பதால் அது தட்டையான முட்டை வடிவம். சுவரில் விழுவது, விளக்குக்கு அருகே பளிச்சென்று தொடங்கி, கீழே போகப்போக அகலும் மணி வடிவம். அப்புறம் வெளிச்சம் மங்கும் வேகம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி ஆகும் என்று படித்திருப்போம், அதனால் 255இலிருந்து 64க்கு இறக்கிவிடுகிறோம். ஆனால் திரையின் எண்கள் வெளிச்சத்துக்கு நேர் விகிதம் இல்லை. சாதாரண `sRGB` படத்தில் கால்வாசி வெளிச்சம் என்பது ஏறத்தாழ 137. ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது மூன்று மடங்கு தூரத்தில், 94 பக்கம். எனவே விளக்கின் வால் நீளமானது. நாம் நினைப்பதைவிட மெதுவாகத்தான் இருட்டில் கரையும். குறுகிய வட்டமாக நின்றுவிட்டால் விளக்கு டார்ச் அடித்ததுபோல் இருக்கும்.

இரண்டு விளக்குகளின் வெளிச்சம் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்திலும் இதே காரணத்தால் தவறு வரும். ஒவ்வொன்றும் 128 என்றால், `Addition` முறையில் பிரஷ் போட்டால் 255 ஆகி வெளுத்துவிடும். உண்மையில் வர வேண்டியது 175 பக்கம். `Screen` முறையில் போட்டால் 192 வரும், கண்ணுக்கு அது போதும். நான் ஒளி லேயருக்குள் விளக்குகளை எப்போதும் `Screen` பிரஷ்ஷால்தான் போடுவேன்.

விளக்கின் நிறத்தைத் தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய சோடியம் தெருவிளக்கு என்றால் ஆரஞ்சு, (255, 170, 70) பக்கம். அதன் அடியில் பச்சையும் நீலமும் கிட்டத்தட்டச் செத்துவிடும், வேப்பமரம் பழுப்பாகத்தான் தெரியும். இப்போதைய எல்இடி தெருவிளக்கு என்றால் லேசான நீலம் கலந்த வெள்ளை. டீக்கடை முன்பக்கம் வெள்ளை, உள்ளே பாய்லர் பக்கம் மஞ்சள் பல்பு என்று இரண்டும் கலந்திருப்பதுதான் நம் ஊர்க் கடைகளின் முகம். ஒரே மஞ்சளை எல்லா விளக்குக்கும் போட்டால் தெரு அழகாக இருக்கும், ஆனால் மதுரையாக இருக்காது.

`Multiply`க்கு ஒரு எல்லை உண்டு. பகல் படத்தில் இருந்ததைவிட எதையும் பிரகாசமாக்க அதனால் முடியாது. பகலில் ஜன்னல் ஒரு கறுப்புப் பொந்து. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் சுவரைவிட அதுதான் பளிச். இந்தத் தலைகீழ் மாற்றத்தை எந்தப் பெருக்கலும் தராது. ஆகவே தானாக ஒளிர்கிற பொருள்களுக்கு ஒளி லேயருக்கு மேலே தனி லேயர் வேண்டும். பல்பு, டியூப் லைட், எரிகிற ஜன்னல், அடுப்புத் தீ, போர்டு எழுத்து, இவற்றை அங்கே `Normal` முறையில் புதிதாக வரையுங்கள். மாடியில் ஒன்பது ஜன்னல் இருந்தால் மூன்று எரிந்தால் போதும், அதில் ஒன்று டிவி வெளிச்சத்தில் நீலமாக இருக்கலாம். அதற்கும் மேலே ஒரு `Addition` லேயரில், பல்பைச் சுற்றி மட்டும் மெல்லிய ஒளிவட்டம். நீங்கள் தெரு முழுக்கப் பூசிய அந்தப் புகைக்கு உரிய இடம் இதுதான். பாய்லர் ஆவி, ஊதுபத்தி, தூசு இருக்கும் இடத்தில் வெளிச்சம் காற்றிலேயே நிற்கும். பல்பின் அகலத்தைப்போல் நாலைந்து மடங்குக்கு மேல் அதை விரிக்க வேண்டாம்.

அடுக்கு வரிசை இப்படி அமையும், மேலிருந்து கீழாக:

```
ஒளிவட்டம்          Addition
ஒளிரும் பொருள்       Normal
[தெரு குரூப்]
   ஒளி லேயர்       Multiply
   கோடு            Normal
   தட்டை நிறம்       Normal
வானம்              Normal
```

கிருட்டாவில் இதைச் செய்யும்போது வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலச் செவ்வகம் வந்து நிற்கும். குரூப்புக்குள் தெரு வரையாத வெற்று இடத்தில் பெருக்குவதற்கு எதுவும் இல்லாததால் ஒளி லேயர் தன் நிறத்தையே காட்டுகிறது. ஒளி லேயரில் `Inherit Alpha`வை அழுத்துங்கள். கீழே வரைந்த இடத்தில் மட்டும் அது வேலை செய்யும்.

வானத்தை ஏன் குரூப்புக்கு வெளியே வைக்கச் சொல்கிறேன் என்றால், அதைப் பெருக்கி இரவாக்க முடியாது. பகல் வானம் (170, 210, 240) இருட்டு நிறத்தால் பெருக்கப்பட்டால் (47, 74, 132) ஆகும். அது இருட்டில் நிற்கும் மஞ்சள் சுவரைவிடப் பளிச்சென்ற நீலம். பகலில் ஃபிரேமிலேயே வெளுப்பான பொருள் வானம். இரவில் அது பின்வாங்க வேண்டும். ஆனாலும் விளக்கில்லாத மாடிகளின் வடிவம் அதற்கு எதிரே கறுப்பாக வெட்டித் தெரியும் அளவுக்கு வானத்தில் உயிர் இருக்க வேண்டும். நான் உச்சியில் (14, 20, 42), கூரைகளை ஒட்டி (46, 42, 58) என்று வைப்பேன். ஊர் வெளிச்சம் கீழ்வானத்தில் ஏறி லேசாகச் செம்பழுப்பு கலந்திருக்கும். பகலின் வெள்ளை மேகங்களை மறக்காமல் அழித்துவிடுங்கள்.

கோபுரத்துக்கு விளக்குப் போட்டிருப்பதாகக் காட்டினால், வெளிச்சம் கீழிருந்து மேலே போகிறது என்பதை நினைவில் வையுங்கள். சுதைச் சிற்பங்களின் அடிப்பக்கம் வெளிச்சம், தோளும் தலையும் இருட்டு. பகலில் வரைந்ததற்கு நேர் எதிர். தூரத்துக் கோபுரம் சின்னதாக இருந்தால் சிற்பம் சிற்பமாக மாற்றத் தேவையில்லை. கீழ்நிலைகள் பளிச்சென்றும், கலசத்தை நோக்கி மங்கியும் போகும் ஒரு படிநிலை போதும். ஒவ்வொரு நிலைக்கும் மேலே, அடுத்த நிலையின் பிதுக்கத்துக்குக் கீழே ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு போட்டால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

அனிமேஷன் என்பதால் நடமாடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளைத் தெரு குரூப்புக்குள் போட்டுவிட்டால் ஒளி லேயர் அவர் மேலும் விழும் என்று தோன்றும். விழும், ஆனால் தவறாக. சுவருக்கு வரைந்த மணி வடிவ வெளிச்சம், சுவருக்கு ஐந்தடி முன்னால் நடப்பவரின் சட்டையில் அப்படியே ஒட்டிக்கொண்டால், அவர் தெருவில் இல்லை, சுவரில் வரைந்த படம் என்பது தெரிந்துவிடும். ஆளுக்குத் தனி குரூப், தனி `Multiply` லேயர். இருட்டில் நடக்கும்போது (70, 90, 140). டீக்கடை முன்னால் வந்ததும் விளக்குப் பக்கம் இருக்கும் உடல் ஓரம் மட்டும் (255, 190, 110), நம்மைப் பார்க்கும் பக்கம் (120, 105, 110) மாதிரி நடுவில். நொடிக்கு 24 ஃபிரேமில் அரை நொடி, 12 ஃபிரேம், இந்த மாற்றத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கும் நமக்கும் நடுவே ஆள் வரும்போது அவரை வெளிச்சமாக்கவே வேண்டாம். கறுத்த உருவமாக விட்டுவிடுங்கள், தோளில் ஒரு மஞ்சள் கோடு மட்டும். தட்டையான படத்தில் ஆழம் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

முடித்த படத்தை அறையை இருட்டாக்கிக்கொண்டு பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் ஒரு நிறுவனத்துக்குச் செய்த இரவுக் காட்சியை என் மானிட்டரில் பார்த்து நிம்மதியாக அனுப்பினேன். அவர்கள் பகலில், ஜன்னலோரத்தில், சாதாரண போனில் பார்த்தார்கள். டீக்கடை விளக்கைத் தவிர எதுவுமே தெரியவில்லை. அன்றிலிருந்து போனில் வெயிலில் ஒருமுறை பார்க்காமல் அனுப்புவதில்லை. ஆள், முகம், கதவு, இந்த மூன்றும் அங்கே பிரிந்து தெரியவில்லை என்றால் இருட்டு நிறத்தை (85, 105, 150) வரை ஏற்றுங்கள். வெளிச்சம் ஏறினாலும் இரவு போகாது. சூரியனின் நிழல் இல்லாமல், விளக்குகள் சரியான இடத்தில் இருக்கும்வரை கண் அதை இரவாகவே ஏற்றுக்கொள்ளும்.

வானத்தில் வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அது 8 பிட் படத்தின் கோளாறு. (14, 20, 42)க்கும் (46, 42, 58)க்கும் நடுவே இருக்கும் படிகளே முப்பது சொச்சம், அவற்றை 1080 வரி உயரத்துக்குப் பரப்பினால் ஒவ்வொரு படியும் பட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்? கோப்பை 16 பிட்டில் தொடங்கி, வானத்தின் மேல் மிக லேசான மணல் மாதிரி இரைச்சல் ஒன்றைத் தூவிவிடுங்கள். வீடியோவாகச் சுருக்கும்போது அதில் கொஞ்சம் அழியும், அதனால் கண்ணுக்குப் போதும் என்று தோன்றுவதைவிட ஒரு துளி அதிகமாகவே போடுங்கள்.

இப்படி ஒளியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டால் கதையில் கரண்ட் போகும் காட்சியும் அதே படத்தில் கிடைத்துவிடும். ஒளி லேயரின் விளக்குகள், ஒளிரும் பொருள், ஒளிவட்டம் மூன்றையும் ஒரே ஃபிரேமில் அணையுங்கள். அந்த நொடியில் கண் வெளிச்சத்துக்குப் பழகியிருந்ததால் எல்லாம் குப்பென்று கறுக்க வேண்டும், இருட்டு நிறத்தை (40, 50, 80)க்கு இறக்குங்கள். அப்புறம் இரண்டு நொடி, 48 ஃபிரேமில், மெதுவாக (75, 95, 140) வரை ஏற்றுங்கள். மாடிகளின் விளிம்பு முதலில், பிறகு பெஞ்சு, பிறகு ஆட்கள் என்று தெரு திரும்பி வரும். சுங்குடிச் சேலையின் சிவப்பு மட்டும் வராது, புள்ளிகள் வரும். டீக்கடைக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார் என்றால் ஒளி லேயரில் அவர் முகத்தளவுக்கு ஒரு சின்ன முட்டை வடிவம், (255, 160, 70), இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை அதன் அளவு கொஞ்சம் கூடிக் குறையட்டும்.